பாக்கிப் பணமும் முடியாத திருத்தங்களும்: "முடிந்தது" என்பதை ஒப்பந்தத்தில் எழுதும் விதம்

கேள்வி: ஃப்ரீலான்ஸாக வெப்சைட் செய்து தருகிறேன். பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு. இப்போது ஆறாவது முறையாகத் திருத்தம் கேட்கிறார். பாக்கியைக் கேட்டால் "முதலில் முடியட்டும்" என்கிறார். இதை எப்படிச் சமாளிப்பது? அடுத்த முறை ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில்:

தாமதமான பணம், ஓயாத திருத்தம் இரண்டையும் நீங்கள் தனித்தனிச் சிக்கலாகப் பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். "வேலை முடிந்ததும் மீதி" என்று பேசியிருக்கிறீர்கள். ஆனால் முடிந்தது என்று யார் சொல்வது, எதைப் பார்த்துச் சொல்வது என்று பேசவில்லை. அதனால் அந்தச் சொல் வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. இன்னொரு திருத்தம் கேட்டால் அவருக்குச் செலவு இல்லை, பணம் கொடுக்கும் நாளும் தள்ளிப்போகிறது. இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, ஏற்பாடே அப்படி அமைந்துவிட்டது.

முதலில் கையில் இருக்கும் வேலையைப் பார்ப்போம். அடுத்த திருத்தத்தைத் தொடங்காதீர்கள். இதுவரை வாட்ஸப்பிலும் மின்னஞ்சலிலும் போனிலும் வந்த கோரிக்கைகளில் இன்னும் பாக்கி இருப்பவற்றை ஒரே பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்றில் ஒரு பெயர் போடுங்கள்: பிழை, திருத்தம், புது வேலை. தளத்தைப் போனில் திறந்து தொடர்புப் படிவத்தை நிரப்பினால் அது போகவில்லை என்றால் அது பிழை. எத்தனை முறை ஆனாலும் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது உங்கள் கடமை. முகப்புப் படத்தை மாற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்பது திருத்தம். முன்பதிவுப் பக்கம் ஒன்று சேர்த்துவிடுங்கள் என்பது புது வேலை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், "ஆறாவது திருத்தம்" என்று நீங்கள் நினைத்ததில் கணிசமான பகுதி புது வேலையாக இருக்கும். அதைப் பெயர் சொல்லாமல் செய்துகொண்டே போனதால்தான் அவருக்கும் அது திருத்தமாகத் தெரிகிறது.

பிறகு அந்தப் பட்டியலை இணைத்து இப்படி ஒரு கடிதம் அனுப்புங்கள்:

> "இதுவரை நீங்கள் சொன்னவற்றில் மீதமுள்ளவற்றை ஒரே பட்டியலாகத் தொகுத்திருக்கிறேன். விடுபட்டது ஏதேனும் இருந்தால் வரும் வெள்ளிக்குள் இதிலேயே சேர்த்து அனுப்புங்கள். பிழைகளையும் திருத்தங்களையும் அதிலிருந்து ஐந்து வேலை நாளில் முடித்து, சோதனைத் தளத்தில் காட்டுகிறேன். பாக்கித் தொகையில் பாதியை இந்தச் சுற்றைத் தொடங்கும் முன்பும், மீதியைத் தளத்தை உங்கள் சர்வருக்கு மாற்றும் முன்பும் கேட்டுக்கொள்கிறேன். புது வேலை என்று குறித்தவற்றுக்குத் தனியாக விலை சொல்கிறேன். அவை இந்தத் தொகையோடு சேராது."

இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லை இல்லாத ஒன்றுக்கு முடியும் நாள் ஒன்றைத் தருகிறீர்கள், அவ்வளவுதான். "வேறு ஏதாவது இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்காமல், வெள்ளி வரை என்று கெடு வைத்துக் கேட்பது முக்கியம். அவர் "பாதி தர முடியாது, முழுசா முடிச்சுக் காட்டுங்க" என்று சொன்னால், பாக்கி முழுவதும் தளத்தை மாற்றும் முன் வர வேண்டும் என்ற ஒன்றிலாவது உறுதியாக நில்லுங்கள்.

இந்தக் கடிதத்துக்கு வலு இருப்பது தளம் இன்னும் உங்கள் சோதனைச் சர்வரில் இருந்தால்தான். ஏற்கெனவே அவருடைய ஹோஸ்டிங்கில் ஏற்றி லைவாக ஓடினால், கோபத்தில் அதை முடக்கிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் அந்த உரிமை எழுதப்படாதபோது முடக்குவது உங்களையே தவறு செய்தவராக்கிவிடும். அவருக்கு வியாபார நஷ்டம் என்று எதிர்க்கோரிக்கை வரவும் வழி செய்யும். அந்த நிலையில் உங்களிடம் இருப்பது எழுத்து ஆதாரமும், அடுத்த வேலையைத் தொடங்காமல் இருக்கும் உரிமையும் மட்டுமே.

இனி அடுத்த ஒப்பந்தம். மொத்தத் தொகையை 100 என்று வைத்துக்கொண்டு, எட்டுப் பக்க வெப்சைட் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலையின் எடை சுமாராக இப்படி விழும்: டிசைன் முடியும்போது 40, சோதனைத் தளத்தில் கட்டி முடிக்கும்போது 80, லைவுக்குத் தயாராகும்போது 100. பாதி முன்பணம், பாதி கடைசியில் என்ற முறையில் கட்டி முடித்த நாளில் 80க்கு உழைத்திருப்பீர்கள், கையில் 50 இருக்கும். 30 வெளியே நிற்கிறது. லைவுக்கு முந்தைய நாள் 50 வெளியே நிற்கும். வேலை முன்னேற முன்னேற உங்கள் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

இதையே நான்கு தவணையாகப் பிரியுங்கள். தொடங்கும் முன் 30, டிசைனை ஒப்படைத்ததும் 25, சோதனைத் தளத்தை ஒப்படைத்ததும் 25, லைவுக்கு மாற்றும் முன் 20. டிசைன் முடியும் நாளில் வெளியே நிற்பது 10. கட்டி முடிக்கும் நாளில் 25. கடைசியில் 20, அதுவும் தளம் உங்கள் கையில் இருக்கும்போது. ஆனால் "முந்தைய தவணை வந்தால்தான் அடுத்த கட்ட வேலை தொடங்கும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு நிற்கும். தவணையைப் பிரித்துவிட்டு, பணம் வராமலேயே அடுத்த கட்டத்துக்குப் போனால் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். இந்த முறை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கெடு நெருங்குகிறது, வாடிக்கையாளர் நல்லவர் என்று தொடங்கிவிடுகிறோம்.

தவணையை எதோடு கட்டுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். "டிசைன் அங்கீகரிக்கப்பட்டதும்", "வாடிக்கையாளர் உரைகளைத் தந்ததும்", "தளம் லைவானதும்" என்று எழுதினால், மூன்றுமே அவர் கையில் இருக்கும் செயல்கள். எழுத வேண்டிய உரைகள் வராமல் ஒரு தளம் மாதக்கணக்கில் நிற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால் தவணை உங்கள் செயலோடு கட்டப்பட வேண்டும்: "டிசைன் கோப்புகளின் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பிய நாளில் இரண்டாம் தவணைக்கு இன்வாய்ஸ் அனுப்பப்படும். ஏழு நாளில் செலுத்த வேண்டும்." கடைசித் தவணைக்கு மட்டும் ஒரு வால் சேருங்கள்: "லைவுக்கு மாற்றும் முன், அல்லது சோதனைத் தளம் ஒப்படைத்த 30ஆம் நாள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அன்று."

திருத்தத்துக்கு "இரண்டு முறை இலவசம்" என்று மட்டும் எழுதினால் போதாது. முறை என்றால் என்ன என்பதில்தான் சண்டை வரும். காலையில் பங்குதாரர் ஒன்று சொல்வார், மாலையில் மார்க்கெட்டிங் பார்ப்பவர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார். இப்படி எழுதலாம்:

> "ஒரு திருத்தச் சுற்று என்பது, வாடிக்கையாளர் நியமித்த ஒரே நபர் எழுத்தில் அனுப்பும் ஒரே தொகுப்புப் பட்டியல். டிசைனுக்கு இரண்டு சுற்று, சோதனைத் தளத்துக்கு ஒரு சுற்று கட்டணத்தில் அடங்கும். ஒரு சுற்று ஆறு மணி நேர வேலைக்கு மேற்பட்டால், கூடுதல் நேரம் தனிக் கட்டணம். அங்கீகரித்த கட்டத்துக்குத் திரும்பிச் செய்யும் மாற்றம் புது வேலையாகக் கருதப்படும். ஒப்புக்கொண்டபடி இயங்காத பிழைகள் சுற்றுக் கணக்கில் சேராது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது வாடிக்கையாளருக்கான பாதுகாப்பு. அது இருந்தால் மற்ற வரிகளில் கையெழுத்திட அவர் தயங்கமாட்டார்.

இதோடு சேர வேண்டியது மௌன அங்கீகார விதி: ஒப்படைத்த ஏழு வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் அந்தக் கட்டம் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் இது பெரும்பாலும் பலிக்காது. ஒப்படைக்கும் மின்னஞ்சலிலேயே அந்த நாளைத் தேதியாகக் குறிப்பிட வேண்டும், ஐந்தாம் நாள் ஒரு நினைவூட்டல் போக வேண்டும். அப்போதுதான் பின்னால் "கவனிக்கவில்லை" என்ற பேச்சு எடுபடாது.

புது வேலை கேட்கும்போது மறுக்க வேண்டியதில்லை. நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, முடியும் நாள் எவ்வளவு தள்ளும். "சரி" என்று எழுத்தில் வந்த பிறகே தொடங்குங்கள். சின்ன வேலையை நல்லெண்ணத்துக்காக இலவசமாகச் செய்வதாக இருந்தாலும் இதே குறிப்பை அனுப்பி, விலையை எழுதி, முழுத் தள்ளுபடி என்று காட்டுங்கள். விலை தெரியாமல் செய்த சலுகையை யாரும் நினைவில் வைப்பதில்லை. அடுத்த முறை அதுவே வழக்கமாகிவிடும்.

பணம் தாமதமாவதில் வாடிக்கையாளரின் மனசு காரணமில்லாத சந்தர்ப்பங்களும் நிறைய. ஆர்டர் எண் இல்லாத இன்வாய்ஸ், தவறான நிறுவனப் பெயர், உங்களோடு பேசும் ஆளுக்கு மட்டும் போய் கணக்குப் பிரிவுக்குப் போகாத மின்னஞ்சல், இவை போதும் ஒரு மாதம் இழுக்க. கையெழுத்திடும்போதே கணக்குப் பிரிவின் முகவரியையும், அவர்கள் எந்த நாட்களில் பணம் அனுப்புவார்கள் என்பதையும் கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸில் "30 நாளில்" என்று போடாமல் நேரடியாகத் தேதியைப் போடுங்கள். கெடுவுக்கு மூன்று நாள் முன் ஒரு நினைவூட்டல், கெடுவுக்கு மறுநாள் ஒன்று, ஏழாம் நாள் போன். 14ஆம் நாள், வேலை நிறுத்தப்பட்டது என்ற எழுத்து அறிவிப்பு.

அந்த அறிவிப்புக்கு இடம் தரும் விதி ஒப்பந்தத்தில் முன்பே இருக்க வேண்டும்: "கெடுவிலிருந்து 14 நாள் பாக்கி நின்றால் வேலை நிறுத்தப்படும். நின்ற நாட்கள் அளவுக்கு முடிவுத் தேதியும் தள்ளும். மீண்டும் தொடங்குவது எனக்கு அடுத்துக் கிடைக்கும் இடைவெளியில்." தாமத வட்டியும் எழுதலாம். மாதம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை பலர் போடுகிறார்கள், உங்கள் இடத்துச் சட்டம் அனுமதிக்கும் உச்சத்தைப் பார்த்துப் போடுங்கள். அந்த வட்டி கைக்கு வந்து சேருவது அரிது. "இந்த வாரம் அனுப்பினால் வட்டியை விட்டுவிடுகிறேன்" என்று சொல்லத்தான் அது அதிகம் பயன்படும். என்னைக் கேட்டால், வட்டியைவிட வேலை நிறுத்த விதிக்கே பலம் அதிகம். அதோடு உரிமை பற்றி ஒரு வரி: டிசைனையும் நிரலையும் பயன்படுத்தும் உரிமை, முழுத் தொகையும் வந்த பிறகே வாடிக்கையாளருக்கு மாறும்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்தையே நீட்டும், 60 நாள் கெடு என்பார்கள். அங்கே உங்கள் எல்லா விதிகளும் நுழையாது. இரண்டை மட்டும் கேளுங்கள்: தொடங்கும் முன் ஒரு தவணை, திருத்தச் சுற்றின் வரையறை. இரண்டையும் மறுத்தால் அந்த 60 நாளும் உங்கள் பணத்தில்தான் அவர்கள் வேலை நடக்கும். அதற்கான செலவை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.