ஹார்லிக்ஸ் வந்ததும் ஆறு மடங்கான புக் வேல்யூ

கேள்வி: மார்க்கெட் கேப் 5 லட்சம் கோடி, ஆனா பேலன்ஸ் ஷீட்ல நெட்வொர்த் 8,000 கோடி தான். இவ்ளோ வித்தியாசம் எப்படிங்க? எது நிஜம்?

ரெண்டும் நிஜம் தாங்க. நீங்க சொல்ற நம்பர் அப்படியே 2020 மார்ச் ஹிந்துஸ்தான் யூனிலீவர் கணக்கு மாதிரி இருக்கு, அதையே எடுத்துக்குவோம். அப்போ ஒரு ஷேர் கிட்டத்தட்ட 2,300 ரூபா, மொத்தம் 216 கோடி ஷேர், பெருக்கினா 5 லட்சம் கோடி. அது சந்தை போடுற விலை. நெட்வொர்த், அதாவது புக் வேல்யூங்கிறது ஃபேக்டரி, ஸ்டாக், பேங்க்ல இருக்குற காசு எல்லாத்தையும் கூட்டி, குடுக்க வேண்டிய பாக்கியைக் கழிச்சா வர்ற மிச்சம், அவ்ளோதான்.

இப்ப அந்த சொத்துப் பட்டியல்ல சர்ஃப் எக்ஸெல் எவ்ளோன்னு தேடிப் பாருங்க, இருக்காது. கம்பெனி தானே வளர்த்த பிராண்டை சொத்தா எழுதக் கூடாதுன்னு அக்கவுன்டிங் விதியே இருக்கு, வருஷா வருஷம் விளம்பரத்துக்குக் கொட்டுற காசெல்லாம் அந்தந்த வருஷச் செலவாவே போயிடும். போதாததுக்கு லாபத்துல பெரும்பகுதியை டிவிடெண்டா குடுத்துடுறாங்க, அப்புறம் நெட்வொர்த் எங்கேருந்து சேரும்?

ஆனா வெளிய இருந்து வாங்கின பிராண்டை எழுதலாம். 2020 ஏப்ரல்ல ஹார்லிக்ஸ், பூஸ்ட் வித்துட்டிருந்த ஜிஎஸ்கே கன்ஸ்யூமர் இவங்களோட இணைஞ்சுது. இணைப்புக்குக் காசா குடுக்காம, அங்க ஒரு ஷேர் வச்சிருந்தவங்களுக்கு இங்க 4.39 ஷேர்னு புது ஷேரா குடுத்தாங்க, அதோட மதிப்பு மட்டும் சுமார் 40,000 கோடி. ஹார்லிக்ஸ் பிராண்டை மட்டும் ஜிஎஸ்கே தாய்க் கம்பெனிகிட்ட தனியா காசு குடுத்து வாங்கினாங்க. அந்தப் பக்கம் பிராண்டுகளும், கம்பெனியோட சொத்து மதிப்புக்கு மேல குடுத்த விலையான குட்வில்லும் சொத்தா ஏறிடுச்சு. 2021 மார்ச்ல நெட்வொர்த் 47,000 கோடியத் தாண்டிடுச்சு! மார்க்கெட் கேப் அப்போ 5.7 லட்சம் கோடி தான். அதாவது புக் வேல்யூவப் போல 60 மடங்கா இருந்த விலை ஒரே வருஷத்துல 12 மடங்காச்சு. ஷேர் சீப்பாயிடுச்சா? இல்லவே இல்ல, பட்டியல்ல ஹார்லிக்ஸ் ஏறுச்சு, சர்ஃப் இன்னும் வெளிய தான் நிக்குது. அதனால சோப்பு, சாஃப்ட்வேர் கம்பெனிக்கெல்லாம் நான் இந்த மடங்கைப் பார்க்கிறதே இல்ல, லாபத்தைத் தான் பார்ப்பேன்.

பேங்க்ல மட்டும் பார்ப்பேன், ஏன்னா அங்க சொத்துல பெரும்பகுதி குடுத்த கடன், அது புக்ல அப்படியே இருக்கும். அதுலயும் ஒரு தடவ சூடு பட்டிருக்கேன். ஒரு ஷேருக்கு புக் வேல்யூ 100 ரூபா, ஷேர் விலை 60 ரூபான்னு ஒரு பேங்க் ஷேரை அள்ளினேன், ரெண்டே குவார்ட்டர்ல வாராக்கடனுக்கு ப்ரொவிஷன்னு நஷ்டத்துக்காகக் காசு ஒதுக்கி ஒதுக்கி புக் வேல்யூவே 60க்கு இறங்கி வந்துச்சு, ஷேர் 35க்குப் போச்சு. இப்பல்லாம் அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா மொதல்ல ப்ரொவிஷன் போக மிச்சமிருக்குற வாராக்கடனான நெட் என்பிஏவ நெட்வொர்த்ல இருந்து முழுசா கழிச்சுட்டு, அப்புறம் தான் மார்க்கெட் கேப்பை அதால வகுத்துப் பார்க்கிறேன்.