கல்லீரலில் அமீபா சீழ்க்கட்டி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல். சாயங்காலம் குளிர் எடுக்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டும். வலது விலாவுக்குக் கீழே வலி. முதலில் வாயுப்பிடிப்பு என்று இருந்துவிட்டோம். பிறகு வைடல் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது ஸ்கேனில் கல்லீரலின் வலது பக்கம் 7 செ.மீ. கட்டி, அமீபாவாக இருக்கலாம் என்கிறார்கள். அவருக்கு வயிற்றுப்போக்கே இல்லையே, அமீபா எங்கிருந்து வந்தது? (கும்பகோணம் வாசகி)

பதில்: வயிற்றுப்போக்கு இல்லாததால்தான் இந்த நோய் பலருக்கும் தாமதமாகப் பிடிபடுகிறது. கல்லீரலில் கட்டியோடு வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட அந்த நேரத்தில் பேதி இருப்பதில்லை. துருவிக் கேட்டால் சிலர், "மூன்று மாசத்துக்கு முன்னால் நாலு நாள் சளியும் ரத்தமுமாகப் போனது, தானே நின்றுவிட்டது" என்பார்கள். பலருக்கு அதுவும் நினைவில் இருக்காது.

அசுத்தமான தண்ணீர் அல்லது உணவு வழியாகக் கிருமியின் முட்டை போன்ற உறைநிலை வயிற்றுக்குள் போகிறது. குடலில் அந்த உறை உடைந்து, நகரும் அமீபா வெளியே வருகிறது. அது பெருங்குடலின் உட்சுவரைத் துளைத்துச் சின்னச் சின்னப் புண்களை உண்டாக்கும். குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள் அங்கிருந்து சில அமீபாக்கள் நுழைந்துவிட்டால், நேராகக் கல்லீரலில் போய்த் தங்குகின்றன. பெருங்குடலின் வலது பகுதியிலிருந்து வரும் ரத்தம் பெரும்பாலும் கல்லீரலின் வலது மடலுக்கே போவதால், கட்டியும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. கல்லீரலில் கட்டி பெரிதாகும் காலத்துக்குள் குடல் புண் ஆறிவிடலாம். ஆனால் குடலுக்குள் அமீபா சத்தமில்லாமல் குடியிருக்கும். இதை நினைவில் வையுங்கள், சிகிச்சையில் இது முக்கியம்.

உங்கள் கணவருக்கு இருப்பவை இந்த நோயின் வழக்கமான அடையாளங்கள். காய்ச்சல் 101 முதல் 103 டிகிரி வரை ஏறும். வலி வலது விலாவுக்குக் கீழே நிலையாக இருக்கும். இழுத்து மூச்சுவிட்டால், இருமினால், வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் கூடும். கட்டி உதரவிதானத்தை உரசினால் வலி வலது தோள்பட்டையில் தெரியும். தோளில் கோளாறு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. பசி போய்விடும், எடை குறையும். மஞ்சள்காமாலை பத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை, எனவே கண் வெள்ளையாக இருப்பதை வைத்துக் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது.

ஒரு சோதனையை மருத்துவர் ஒரு விரலாலேயே செய்துவிடலாம். வலது பக்கக் கீழ் விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் நோயாளி சுரீரென்று துள்ளுவார். பல சமயம் கட்டி அந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கும். சதைப்பிடிப்பு வலியோடு இத்தனை நாள் காய்ச்சலும் வேர்வையும் வராது. வைடல் பரிசோதனையோ, டைபாய்டு இல்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் காட்டக்கூடியது. வலது விலா வலியோடு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் வயிற்று ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி: ஸ்கேனில் கட்டி தெரிந்துவிட்டது. மலப் பரிசோதனையில் அமீபா இல்லை என்று வந்தது. அப்படியானால் இது அமீபாதான் என்று எப்படி உறுதி செய்வார்கள்? (திருச்சி வாசகர்)

பதில்: மலத்தில் அமீபா தெரியாததை வைத்து நோயை மறுக்க முடியாது. தெரிந்தாலும், நோய் உண்டாக்காத வேறொரு அமீபா மைக்ராஸ்கோப்பில் அச்சு அசல் இதே மாதிரி இருப்பதால், அதை மட்டும் வைத்து உறுதியும் செய்ய முடியாது. ஸ்கேன் கட்டியைக் காட்டும், அதன் காரணத்தைச் சொல்லாது. பாக்டீரியாவால் வரும் சீழ்க்கட்டியும் ஸ்கேனில் ஏறக்குறைய இப்படியே தெரியும்.

எனவே நாலைந்து தடயங்களைச் சேர்த்துப் பார்க்கிறோம். 20 முதல் 45 வயது ஆண், வலது மடலில் ஒற்றைக் கட்டி, ரத்தத்தில் வெள்ளையணு கூடியிருக்கிறது, அல்கலைன் பாஸ்படேஸ் என்ற கல்லீரல் நொதி உயர்ந்திருக்கிறது என்றால் அமீபா பக்கம் சாய்வோம். வயதானவர், சர்க்கரை நோய் அல்லது பித்தப்பைக் கல் உள்ளவர், மஞ்சள்காமாலை, பல கட்டிகள் என்றால் பாக்டீரியா பக்கம் சாய்வோம். ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் இதற்காகத்தான் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் வரும்வரை இரண்டுக்கும் சேர்த்து மருந்து போடுவது சரியான வழி. அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

உறுதிப்படுத்த, அமீபாவுக்கு எதிரான ஆன்டிபாடியை எலைசா முறையில் ரத்தத்தில் தேடுகிறோம். கட்டி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது பாசிட்டிவ் ஆகும். இரண்டு குறைகள் இதற்கு உண்டு. காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் எடுத்தால் நெகட்டிவ் வரலாம், அப்போது ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். எப்போதோ வந்துபோன தொற்றின் ஆன்டிபாடி வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும் என்பதால், நம் ஊர் போல அமீபா பரவலாக உள்ள இடத்தில் பாசிட்டிவ் என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கட்டியிலிருந்து எடுத்த நீரில் அமீபாவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்தால் இன்னும் துல்லியம், ஆனால் எல்லா ஊரிலும் வசதி இல்லை.

கேள்வி: மாத்திரை தொடங்கி நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்து நாள் முடித்ததும் வேறொரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். உடம்பு நன்றாகவே இருக்கிறது, அதை அவசியம் சாப்பிட வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: அவசியம் சாப்பிட வேண்டும். இந்த நோயில் அதிகம் பேர் தவறவிடுவது இந்த இரண்டாவது மருந்தைத்தான்.

முதல் மருந்து பெரும்பாலும் மெட்ரோனிடசோல். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 750 அல்லது 800 மில்லிகிராம் (400 மாத்திரை என்றால் இரண்டு), தினம் மூன்று வேளை, 7 முதல் 10 நாள். இதற்குப் பதில் டினிடசோல் 2 கிராம் தினம் ஒரே வேளையாக, 5 நாள் வரை கொடுப்பதும் உண்டு. வாந்தி நிற்காதவர்களுக்கு மெட்ரோனிடசோலை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். மூன்று, நான்கு நாளில் காய்ச்சலும் வலியும் நன்றாகத் தணிய வேண்டும். வாயில் உலோகச் சுவை, குமட்டல், சிறுநீர் கருத்துப்போவது எல்லாம் இந்த மருந்தால் வருபவை. அதற்காகப் பாதியில் நிறுத்தக்கூடாது. கைகால் மரத்துப்போனால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

இந்த மருந்து மேல்குடலிலேயே நன்றாக உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கல்லீரல் கட்டிக்கு அது நல்லது. ஆனால் பெருங்குடலின் உள்ளே போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. முதல் மருந்து முடித்த பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடலில் அமீபா பிழைத்திருக்கிறது. அது மறுபடி கல்லீரலுக்கு ஏறலாம், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றலாம்.

இரண்டாவது மருந்து குடலுக்குள் உள்ளதை அழிக்க. டைலோக்சனைடு ஃபுரோயேட் 500 மில்லிகிராம் தினம் மூன்று வேளை 10 நாள், அல்லது பாரோமோமைசின். பாரோமோமைசின் அளவு எடையைப் பொறுத்தது, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 35 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்குக் குறைந்த அளவில் கணக்குப் போட்டால் நாளுக்கு 1500, அதாவது 500 வீதம் மூன்று வேளை, 7 நாள். இந்த மருந்துகள் எல்லாக் கடையிலும் இருக்காது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இல்லை என்று மெட்ரோனிடசோலையே இன்னொரு பத்து நாள் நீட்டிப்பதால் பயன் இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசி போட்டுச் சீழ் எடுத்தார்கள். என் தம்பிக்கு மாத்திரை மட்டும் போதும் என்கிறார்கள். எதை நம்புவது? (சேலம் வாசகி)

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். பெரும்பாலான கட்டிகள் மருந்திலேயே குணமாகும். மூன்று முதல் ஐந்து நாள் மருந்துக்கும் காய்ச்சல் இறங்காதபோது, கட்டி மிகப் பெரிதாகி உடையும் நிலையில் உள்ளபோது, பாக்டீரியாவா என்ற சந்தேகம் தீராதபோது ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் எடுப்போம், அல்லது மெல்லிய டியூப் வைப்போம். இடது மடல் கட்டிக்குச் சீக்கிரமே முடிவெடுப்போம், ஏனென்றால் அது இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அளவைப் பொறுத்தவரை, சிலர் 5 செ.மீ. தாண்டினாலே எடுப்பார்கள், சிலர் 10 வரை பொறுப்பார்கள். என் பார்வையில் செ.மீ. கணக்கைவிட, கட்டிக்கு மேல் எவ்வளவு கல்லீரல் மிச்சம் இருக்கிறது, நோயாளி தேறி வருகிறாரா என்பதே முக்கியம்.

வெளியே வருவது சாக்லேட் நிறத்தில் கெட்டியாக, வாடை இல்லாமல் இருக்கும். அது பெரும்பாலும் செத்துக் கரைந்த கல்லீரல் திசுதான். அமீபாக்கள் கட்டியின் சுவரை ஒட்டி இருப்பதால், பரிசோதனைக்கு முதலில் வருவதைவிடக் கடைசியாக வரும் சில மில்லியை அனுப்ப வேண்டும். அதிலும் பலருக்கு அமீபா தெரியாது. நாற்றம் அடித்தால் பாக்டீரியா சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

திடீரென வயிறு முழுவதும் கல்லாக இறுகி வலித்தால், மூச்சு முட்டினால், இருமும்போது சாக்லேட் நிறச் சளி வந்தால், கட்டி உடைந்திருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கேள்வி: கள் குடிப்பவர்களுக்குத்தான் இது வரும் என்கிறார்கள். உண்மையா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: அவர்களுக்கு மட்டும் என்று இல்லை, ஆனால் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வுகளிலேயே நோயாளிகளில் பெரும்பாலோர் கள் குடிக்கும் ஆண்களாக இருந்தார்கள். கலப்பதும் ஊற்றுவதும் எவ்வளவு சுத்தமாக நடக்கிறது என்பதோடு, மதுவால் கல்லீரல் பாதிக்கப்படுவதும் காரணமாக இருக்கலாம். மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல் சாப்பிடும்போதும், நிறுத்திய பின் மூன்று நாளும் எந்த மதுவும் கூடாது. முகம் சிவந்து, படபடத்து, கடும் வாந்தி வரலாம்.

கேள்வி: சிகிச்சை முடிந்து இரண்டு மாதம். காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போகிறேன். ஆனால் ஸ்கேனில் இன்னும் 4 செ.மீ. இருக்கிறதாம். திரும்பவும் மருந்து வேண்டுமா? வீட்டில் உள்ளவர்களுக்கு? (கோவை வாசகர்)

பதில்: உங்களுக்கு வேண்டாம். கிருமி செத்த பிறகும் குழி தூர்ந்துபோக மூன்று முதல் ஒன்பது மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் நோயாளி தேறிக்கொண்டே இருக்க, ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெருத்துத் தெரிவதும் உண்டு. காய்ச்சலும் வலியும் எடையும்தான் அளவுகோல். காய்ச்சல் திரும்பினால் மட்டும் உடனே வாருங்கள். அப்போது முதல் கேள்வி, இரண்டாவது மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டீர்களா என்பதுதான்.

வீட்டில் கூடவே சாப்பிட்டுப் புழங்குகிறவர்களுக்கு மலத்தில் அமீபா ஆன்டிஜென் பரிசோதனை செய்யலாம். இருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் குடலுக்கான அந்த இரண்டாவது மருந்து மட்டும் போதும். குழாய்த் தண்ணீரில் வழக்கமாகப் போடும் குளோரின் அளவுக்கு அமீபா உறைநிலை சாகாது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு இறக்கி, அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆற விடுங்கள்.