தொடர் மீட்டிங்கில் ஒரு நாளை மட்டும் மாற்றுவது

கேள்வி: "வாரா வாரம் வரும் மீட்டிங் இன்வைட்டில் ஒரு நாளை மட்டும் மாற்றணும், அப்புறம் நேரத்தையும் மாற்றணும். எதை அமுக்குவது? எல்லாருக்கும் எப்படிச் சொல்வது?"

கூகல் காலண்டரை வைத்துச் சொல்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு மாற்றங்கள். எதை முதலில் செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் வேலை செய்கிறேன். செவ்வாய்தோறும் காலை 10 மணிக்கு எங்கள் குழுவுக்கு மீட்டிங். 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஜனவரித் தொடக்கத்திலேயே அந்த ஒரு நாளை 12ஆம் தேதிக்கு நகர்த்தி, சேமிக்கும்போது வரும் தேர்வுகளில் This event என்று கொடுத்தேன். அதுவரை சரி. பிறகு ஜனவரி 21 முதல் நேரத்தை 9:30 ஆக்கச் சொன்னார்கள். அந்த நாளைத் திறந்து நேரத்தை மாற்றி, This and following events கொடுத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால், தைப்பூச வார மீட்டிங் மறுபடி 11ஆம் தேதியிலேயே உட்கார்ந்திருந்தது.

காரணம் இதுதான். This and following events கொடுக்கும்போது பழைய தொடர் அந்த நாளுக்கு முன்னால் முடிந்து, அங்கிருந்து புதிய தொடர் ஒன்று தொடங்குகிறது. பிந்திய நாள்களில் நீங்கள் தனித்தனியாகச் செய்திருந்த மாற்றங்கள் புதிய தொடருக்கு வருவதில்லை. ஆகவே முதலில் தொடரின் நேரத்தை மாற்றுங்கள், அப்புறம் அந்த ஒரு நாளை நகர்த்துங்கள். ஏற்கெனவே வரிசை மாறிவிட்டதென்றால், அடுத்த இரண்டு மாதங்களை ஒருமுறை புரட்டி, தனியாக மாற்றிய நாள்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

All events பக்கம் போகாதீர்கள். அது நடந்து முடிந்த மீட்டிங்குகளின் நேரத்தையும் மாற்றிவிடும். போன மாதம் எத்தனை மணிக்குக் கூடினோம் என்று பின்னால் தேடும்போது தவறான பதிவுதான் கிடைக்கும்.

சேமித்ததும், விருந்தினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பவா என்று கேட்கும். Send கொடுங்கள். வெளிநிறுவன ஆள் கூகல் காலண்டர் வைத்திருக்காவிட்டால், அனுப்பாமல் விட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. அதே பெட்டியில் குறிப்பு எழுத இடம் இருக்கும். அதை வெறுமனே விடாதீர்கள். 'நேரம் மாறியது' என்று மட்டும் எழுதினால், இந்த வாரம் மட்டுமா, இனி எப்போதுமா என்று தெரியாமல் ஆளுக்கொன்று நினைத்துக்கொள்வார்கள். பழையது, புதியது, எந்த நாளிலிருந்து, எது மாறவில்லை என்று நான்கையும் சொல்லுங்கள். நான் இப்போது இப்படி எழுதுகிறேன்:

"ஜனவரி 21 முதல் செவ்வாய் மீட்டிங் 10:00க்குப் பதில் 9:30. கிழமையும் இணைப்பும் அதேதான்."

தைப்பூச மாற்றத்துக்குத் தனியாக:

"பிப்ரவரி 11 மீட்டிங் மட்டும் 12, புதன் 9:30க்கு. 18 முதல் வழக்கம்போல் செவ்வாய்."

'18 முதல்' என்று தொடங்கும் இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாதபோதுதான் 'இனிமேல் புதன்கிழமையா?' என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வரும்.