கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன், அறுபது வெள்ளியைக் கொடுக்கவில்லை

"கடைக்காரர்கள் தவறுதலாக ரிஃபண்ட் அதிகமாகப் போட்டுவிட்டார்களாம். ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பு என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?"

உங்கள் கணக்கில் உண்மையிலேயே அதிகப் பணம் வந்திருந்தால், ஆமாம், கொடுக்க வேண்டும். மலேசிய ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 73 இதைத்தான் சொல்கிறது: தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். "அவர்கள் கவனமில்லாமல் இருந்ததற்கு நான் என்ன செய்வது" என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஆனால் அவர்கள் கேட்கும் தொகையை அப்படியே கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நான் வழக்கறிஞர் இல்லை, பிறையில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருடமாகக் கணக்கு பார்ப்பவள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் வீட்டுக்கு ஒரு துணி துவைக்கும் மெஷின் ஆன்லைனில் வாங்கினேன். விலை 1,400 வெள்ளி, டெலிவரி 60, வவுச்சர் கழிவு 100. நான் கார்டில் கட்டியது 1,360. வந்த மெஷின் முதல் நாளே அடியில் ஒழுகியது. திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் கார்டுக்கு 1,360 வந்தது. அதற்கு அடுத்த வாரம் வங்கிக் கணக்கில் 1,400 வந்தது. யாரோ இன்னொருவர் வவுச்சரைக் கவனிக்காமல், மெஷினின் விலையை வைத்து இன்னொரு முறை போட்டிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து மெசேஜ்: 1,460 வெள்ளியை இந்தக் கணக்கில் போடவும். அதில் இருந்த கம்பெனிப் பெயர் நான் வாங்கிய கடையின் பெயரே இல்லை.

முதலில் வங்கி ஸ்டேட்மெண்டையும் கார்டு ஸ்டேட்மெண்டையும் எடுத்து வைத்தேன். அவர்கள் அனுப்பிய ஸ்லிப் படம் கணக்கில் ஆகாது. உங்கள் ஸ்டேட்மெண்டில் வரவாகி நிற்பதுதான் கணக்கு. பணம் வராமலே போலி ஸ்லிப் அனுப்பி 'அதிகம் போட்டுவிட்டோம்' என்று கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்புறம் மெசேஜில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய இன்வாய்ஸில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசினேன். கோரிக்கை அவர்களுடையதுதான், அந்தப் பெயர் கடையின் பதிவுப் பெயர் என்றார்கள். இன்வாய்ஸின் அடியில் சின்ன எழுத்தில் அதே பெயர் இருந்தது. கணக்கு எண்ணை போலீஸின் semakmule.rmp.gov.my தளத்திலும் போட்டுப் பார்த்தேன். அதில் ஒன்றும் வராததாலேயே அந்தக் கணக்கு நல்லது என்று ஆகிவிடாது. புகார் வந்த கணக்குதான் அங்கே காட்டும்.

    

இனி தொகை. எனக்கு வந்தது 2,760. வர வேண்டியது நான் கட்டிய 1,360. அதிகம் 1,400. அவர்கள் கேட்டது 1,460, ஏனென்றால் டெலிவரிக் கட்டணம் திருப்பித் தரப்படாதாம். நான் மனம் மாறித் திருப்பியிருந்தால் அது நியாயம். பழுதான பொருளுக்கு அந்த விதியை எப்படி ஏற்பது? பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 பழுதான பொருளை நிராகரித்துக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற உரிமை தருகிறது. இதை இமெயிலில் எழுதினேன். கூடவே ஒரு கேள்வி: கார்டுக்குப் போட்ட ரிஃபண்டை நீங்களே ரிவர்ஸ் செய்யப் போகிறீர்களா? இதைப் பலர் கேட்பதில்லை. வங்கி வழியாக நாம் அனுப்பியபின் அவர்கள் கார்டு பக்கமும் எடுத்துக்கொண்டால் நமக்குத்தான் நஷ்டம். "செய்ய மாட்டோம், 1,400 வந்தால் கணக்கு முடிந்தது" என்று பதில் வரும்வரை நான் அனுப்பவில்லை. அதுவரை அந்தப் பணத்தைத் தொடவும் இல்லை.

'சும்மா இருந்திருந்தால் மறந்திருப்பார்கள்' என்று யாராவது வருவீர்கள். காலவரையறைச் சட்டம் 1953 ஆறு வருடம் தருகிறது, தவறு கண்டுபிடிக்கப்பட்ட அல்லது கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் அது ஓட ஆரம்பிக்கும். கணக்கு பார்ப்பவர்கள் வருட முடிவில் கண்டுபிடித்துவிடுவோம். தெரிந்தே செலவழித்தால் சிவில் பிரச்சினையோடு நிற்காமல் போலீஸ் வரைகூடப் போகலாம்.

நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை முறை வந்தது என்று எழுதவில்லை. அந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, இன்வாய்ஸில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். ஒரு வாரக் கெடு அவர்களாக வைத்தது. நீங்கள் கேட்ட கணக்குக்குப் பதில் தராமல் மிரட்டினால், அந்த மெசேஜையும் பத்திரமாக வையுங்கள்.

எனக்கு ரசீது நாலு நாளில் வந்தது. அறுபது வெள்ளியை அவர்கள் மறுபடி கேட்கவில்லை.