காசு கொடுத்து எடுத்த தையல் வகுப்பு வீடியோ யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மேடம், ஈரோட்டில் வீட்டிலேயே பிளவுஸ் தையல் சொல்லித் தர்றேன். போன வருஷம் புதுசா கத்துக்கிறவங்களுக்காக 22 வீடியோ எடுத்தோம். ஷூட்டிங், எடிட்டிங் செஞ்ச தம்பிக்கு 30,000 ரூபாய் ஜிபே பண்ணேன். விற்பனையை அவரே பாத்துக்கறேன்னு சொல்லி, அவர் கணக்கிலேயே ஒரு ஆப்பில் போட்டார். விற்கிறதில் 40 சதவீதம் அவருக்குன்னு வாய்ப்பேச்சு. "நீங்களே போட்டு வித்துக்குங்க"ன்னு வாட்ஸ்அப்பில் நானும் எழுதிட்டேன். நாலு மாசமா பணம் வரலை. கேட்டா, கேமரா என்னுது, எடிட் என்னுது, வீடியோவும் என்னுதுங்கறார். கோயம்புத்தூரில் வேற டீச்சரை வச்சு இதே பாடத்தை எடுக்கவும் போறாராம். நான் என்ன செய்ய?

பதில்: வீடியோ உங்களுடையது. காப்புரிமைச் சட்டம், 1957-இன் கண்ணில் உங்கள் வகுப்பு வீடியோவும் ஒரு திரைப்படம்தான். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்று 17-வது பிரிவு சொல்கிறது. கேமரா யாருடையது, எந்தக் கணினியில் எடிட் செய்தார் என்பதெல்லாம் இதை மாற்றாது. கல்யாண வீடியோ எடுத்தவர் அந்தக் கல்யாணத்தை விற்க முடியாதது போலத்தான் இதுவும். அதனால் அந்த 30,000 ரூபாய் ரசீதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆதாரம். எதற்காக அனுப்பினீர்கள் என்பது முன்பின் உள்ள செய்திகளில் தெரிந்தால் இன்னும் நல்லது. "நாளைக்கு கட்டோரி பிளவுஸ் ஷூட், மீதி பத்தாயிரம் அனுப்பிட்டேன்" என்பது மாதிரி ஒரு வரி இருந்தால்கூடப் போதும்.

40 சதவீதம் பேசினோமே, அதனால் பாதி உரிமை அவருக்குப் போய்விட்டதா என்று பயப்பட வேண்டாம். வருமானத்தில் பங்கு வேறு, காப்புரிமை வேறு. காப்புரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதானால் அது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. வாய்ப்பேச்சில் அது கைமாறாது.

உங்களுக்குச் சிக்கலாக இருப்பது அந்த வாட்ஸ்அப் வரிதான். உரிமையை மாற்றித் தரக் கையெழுத்து வேண்டும், ஆனால் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தர, அதாவது லைசென்ஸ் தர, எழுத்தில் இருந்தால் போதும். 2012 திருத்தத்தில் 30-வது பிரிவிலிருந்து கையெழுத்து என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆக, "வித்துக்குங்க" என்று நீங்கள் எழுதியதையே அவருடைய வக்கீல் அனுமதிச் சீட்டாகக் காட்டுவார். அந்த அனுமதி நிற்கும்வரை அவர் திருடுகிறார் என்று நீங்கள் சொன்னால் எடுபடாது, பணம் தரவில்லை என்றுதான் சொல்ல முடியும். இந்த நிலையில் போலீஸுக்குப் போனாலும், இது உங்களுக்குள் இருக்கிற கொடுக்கல் வாங்கல் என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

அதனால் முதல் வேலை அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவது. வக்கீல் நோட்டீஸில் மூன்று விஷயம் தெளிவாக வர வேண்டும்: பேசியபடி பங்கு தராததால் விற்பனை அனுமதியை இந்தத் தேதியோடு ரத்து செய்கிறேன், அதுவரை நடந்த விற்பனைக்கு ஆப்பின் கணக்கு அறிக்கையோடு என் 60 சதவீதத்தைத் தர வேண்டும், எடிட் செய்யாத மூல வீடியோக்களின் பிரதியைக் கொடுக்க வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில், அவர் கையில் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். தேதி தாண்டியும் விற்றால் அப்போது அது காப்புரிமை மீறல். மூல வீடியோ விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உரிமை உங்களுடையதானாலும் ஹார்ட் டிஸ்க் அவருடையது, அவர் அழித்துவிட்டால் திரும்பி வராது. அதனால் நோட்டீஸ் அனுப்பும் முன்பே, ஆப்பில் இருக்கும் 22 வீடியோவையும், விலை போட்டிருக்கும் பக்கத்தையும் வேறொரு போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாட்ஸ்அப் இருக்கும் போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். கோர்ட்டில் மின்னணு ஆதாரம் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும், மூலப் போன் இருந்தால் அது எளிதாகிவிடும்.

அப்புறம் ஆப்பிலிருந்து இறக்கச் சொல்லும் புகார். காப்புரிமை விதிகள், 2013-இல் 75-வது விதிப்படி புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் வீடியோவை யாரும் பார்க்க முடியாதபடி நிறுத்த வேண்டும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இது 21 நாளுக்குத்தான். அதற்குள் கோர்ட் உத்தரவைக் கொண்டுவருவேன் என்று புகாரிலேயே நீங்கள் உறுதி தர வேண்டும், கொண்டுவராவிட்டால் அவர்கள் மறுபடி திறந்துவிடலாம். பலர் கோபத்தில் முதலில் புகாரைத் தட்டிவிட்டு, வழக்குக்குத் தாள் சேர்ப்பதற்குள் 21 நாளைத் தொலைத்துவிடுகிறார்கள். வழக்கு மனு தயாரான பிறகு புகார் அனுப்புங்கள். வழக்குக்காகக் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் ஈரோட்டிலேயே போடலாம், 62-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. இடைக்காலத் தடையும் சேர்த்தே கேளுங்கள்.

இதற்குப் பிறகு அந்த வீடியோக்கள் டெலிகிராமில் பேர் தெரியாத சேனலில் முளைத்தால் கை விரித்துவிடாதீர்கள். நீத்து சிங் என்ற ஆசிரியை தன் பயிற்சி வகுப்புகளை டெலிகிராமில் விற்றவர்கள் மீது போட்ட வழக்கில், அந்தச் சேனல்களை நடத்தியவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி டெலிகிராம் நிறுவனத்துக்கு டில்லி உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது.

இன்னொரு டீச்சர் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்புச் சுற்றளவை நாலால் வகுத்து, தையலுக்கு விடும் அளவைச் சேர்த்து, ஆர்ம்ஹோல் வளைவு போடுகிற முறைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. முதலில் சாதா பிளவுஸ், அடுத்து லைனிங், கடைசியில் பிரின்சஸ் கட் என்ற வரிசைக்கும் அப்படித்தான். யோசனைக்குக் காப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த அளவு அட்டவணை பிடிஎஃப், நீங்கள் வரைந்த படங்கள், நீங்கள் பேசிய விளக்கம், இவற்றை அப்படியே அந்த டீச்சர் பயன்படுத்தினால் அதைத் தடுக்க முடியும். புது வீடியோ வந்ததும் ஒன்று வாங்கி, உங்கள் வீடியோவோடு ஒப்பிட்டு, எந்த நிமிடத்தில் எந்தப் பக்கம், எந்த வாக்கியம் என்று குறித்து வையுங்கள்.

எடிட்டிங் தம்பி செய்து கொடுத்த லோகோவையும் வீடியோ முகப்புப் படங்களையும் மட்டும் இனிமேல் பயன்படுத்தாதீர்கள். காசு கொடுத்தவருக்கே உரிமை என்ற விதி திரைப்படம், புகைப்படம், ஓவியம், செதுக்குப் படம் போன்ற சிலவற்றுக்குத்தான் வரும், கணினியில் செய்த லோகோவுக்கும் வரும் என்று நம்பி இறங்க முடியாது. அவரிடம் எழுதி வாங்கவில்லை என்றால் புதிதாகச் செய்துகொள்வதுதான் செலவு குறைவு.

ஏற்கெனவே பணம் கட்டிய மாணவிகளை மறந்துவிடாதீர்கள். வீடியோ நின்றுபோனால் அவர்கள் நுகர்வோர் ஆணையத்தில் உங்களையும் சேர்த்து இழுக்கலாம், வகுப்பெடுத்தவர் நீங்கள்தானே. புகாருக்கு முன்பே உங்கள் பேரில் ஒரு கணக்கு திறந்து, பதிவு செய்து வைத்த வீடியோக்களை அதில் ஏற்றி, ரசீது காட்டுகிறவர்களுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிடுங்கள். அடுத்த தொகுப்புக்கு யாரை வைத்து எடுத்தாலும், வீடியோ, மூலப் பதிவு, படங்கள், லோகோ எல்லாமே உங்களுக்கு என்று முதல் நாளே கையெழுத்து வாங்குங்கள். அதில் காலத்தையும் எழுத வேண்டும், காப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று. எழுதாமல் விட்டால் அந்த மாற்றம் ஐந்து வருஷத்துக்கும் இந்தியாவுக்கும் மட்டும்தான் என்று சட்டமே வைத்துக்கொள்ளும்.