கலோரி தண்ணீரில் இல்லை, தூளில் இருக்கிறது

கேள்வி: மூன்று மாதப் பெண் குழந்தை, எடை 5 கிலோ. தாய்ப்பால் இல்லாததால் டப்பா பால் மட்டும், நாளைக்கு ஆறு வேளை. வேலூர் வெயிலுக்கு நீர்க்கக் கொடுப்பதே நல்லது என்று அம்மா சொல்வதால் 120 மி.லி. தண்ணீருக்கு 3 ஸ்கூப் போடுகிறேன். கடந்த மாதம் 300 கிராம்தான் ஏறியது. எவ்வளவு கலோரி சேர்கிறது, டாக்டர்? – ஒரு தாய், குடியாத்தம்

பதில்: உங்கள் டப்பாவில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு ஸ்கூப், ஒரு ஸ்கூப் 4.4 கிராம், 100 கிராம் தூளுக்கு 500 கலோரி என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஊரில் கிடைக்கும் பல டப்பாக்களில் ஏறக்குறைய இந்த எண்களே இருக்கும். அப்படியானால் ஒரு ஸ்கூப்பில் 22 கலோரி. 120 மி.லி. தண்ணீருக்கு 4 ஸ்கூப் போட்டிருந்தால் வேளைக்கு 88, ஆறு வேளைக்கு 528 கலோரி சேர்ந்திருக்கும். 3 ஸ்கூப் போடுவதால் வேளைக்கு 66, நாளுக்கு 396 கலோரிதான் சேர்கிறது. இந்த வயதில் கிலோவுக்குச் சுமார் 100 கலோரி வேண்டும், அதாவது உங்கள் மகளுக்கு 500. ஒவ்வொரு நாளும் நூறு கலோரிக்கு மேல் குறைவதால்தான், மாதத்திற்குச் சுமார் 700 கிராம் ஏற வேண்டிய எடை பாதிகூட ஏறவில்லை.

குழந்தை நன்றாகச் சிறுநீர் கழிக்கிறாள், எனவே பால் போதுகிறது என்று நினைத்திருப்பீர்கள். நீர்த்த பால் குடிக்கும் குழந்தைக்குச் சிறுநீர் தாராளமாகவே போகும். குறையைக் காட்டுவது எடைதான். மேலும், தொடர்ந்து நீர்க்கக் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். வெயிலுக்கு வேண்டிய தண்ணீர், சரியாகக் கலந்த பாலிலேயே இருக்கிறது. தாகமாகத் தெரிந்தால் அதே பாலை ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். இதை அம்மாவிடமும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள், அவர் அக்கறையில்தான் சொல்லியிருக்கிறார்.

இன்றே 4 ஸ்கூப்புக்கு மாறலாம், ஆனால் இழந்ததை ஈடுகட்ட ஐந்தாவதைப் போடாதீர்கள். அதிகம் கெட்டியான பால் சிறுநீரகத்திற்குச் சுமையாகி, இந்த வெயிலில் உடலின் நீரை வற்றவைக்கும். கொதித்து ஆறிய தண்ணீரை முதலில் 120 கோடு வரை ஊற்றிய பிறகே, அதே டப்பாவின் ஸ்கூப்பால், அமுக்காமல் தலைதட்டிய அளவாகத் தூளைப் போடுங்கள். தூளை முதலில் போட்டுவிட்டு 120 கோடு வரை தண்ணீர் விட்டால் பால் கெட்டியாகிவிடும். கலந்தபின் புட்டியில் சுமார் 133 மி.லி. இருக்கும், அது சரிதான். அதில் 30 மி.லி. மீதம் வைத்தால் 20 கலோரி கழித்துக்கொள்ளுங்கள், மீதியை எடுத்து வைத்து மறுபடி கொடுக்க வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து அதே தராசில் உடையில்லாமல் எடை பாருங்கள். 150 கிராமாவது ஏறவில்லை என்றாலோ, அதற்கு முன்பே குழந்தை சோர்ந்து பால் மறுத்தாலோ, குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். கை கால் வெட்டி இழுத்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள்.