கட்டர், டவுன் பைப், ரீசார்ஜ் கிணறு: மலை வீட்டுக்காரங்க கேள்விக்கு பதில்

கோத்தகிரி: சீட் வீடுங்க, ஒரு பக்க சரிவு 650 சதுர அடி. 3 இன்ச் டவுன் பைப் இருந்தப்ப கூரையோரக் கட்டர் வழிஞ்சுது, 4 இன்ச்சுக்கு மாத்தியும் வழியுது. 6 இன்ச் போட்டா சரியாகுமா?

பைப்பை விடுங்க, ஏணி போட்டு ஏறி கட்டர்ல இருக்குற ஓட்டையைப் பாருங்க. அனேகமா பழைய 3 இன்ச் ஓட்டை அப்படியே இருக்கும், கீழ 4 இன்ச் பைப்பை மட்டும் மாட்டியிருப்பாங்க. தண்ணி ஓட்டையோட விளிம்புல சுத்தி வழிஞ்சுதான் உள்ள விழும், அதனால கீழ எவ்ளோ பெரிய பைப் இருந்தாலும் வாய் சின்னதா இருந்தா அதுதான் கணக்கு. அடுத்த மழையில பாருங்க, மேல கட்டர் தளும்புது, கீழ பைப் வாயில பாதிதான் வருதுன்னா கோளாறு மேல வாயிலதான். அங்க ஒரு ஆழமான தகரப் பெட்டி வச்சு அதோட அடியில முழு 4 இன்ச் வாய் எடுங்க.

அப்புறம் உங்களுக்கு ஒரு பைப் பத்தாது. 650 சதுர அடின்னா 60 சதுர மீட்டர், மணிக்கு 100 மி.மீ. வேகத்துல பேஞ்சா மணிக்கு 6000 லிட்டர். அந்த மழைக்கு 4 இன்ச் பைப் ஒண்ணுக்கு 42 சதுர மீட்டர்தான் கணக்கு. 6 இன்ச் வேண்டாம், ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு 4 இன்ச் விடுங்க, தண்ணி நடுவுல பிரிஞ்சு கட்டருக்கும் பாரம் பாதியாகும்.

கொடைக்கானல்: எங்க வீட்டுல பைன் ஊசி. ஓட்டை மேல கொசுவலை கட்டிட்டேன், இப்ப அடைப்பே இல்ல.

பைப்புக்குள்ள அடைப்பு இல்ல, சரி. தட்டையான வலை மேல ஊசி பாய் மாதிரி படிஞ்சா ஓட்டையே மூடிடும். கூடை மாதிரி குமிழா நிக்குற கம்பி வலை வைங்க, அடியில அடைஞ்சாலும் மேல் பக்கமா தண்ணி இறங்கும்.

குன்னூர்: ரீசார்ஜ் கிணத்துக்கு 4 அடி அகலம், 10 அடி ஆழத்துல உறை இறக்கிட்டேன், தடுப்புச் சுவருக்கு 5 அடி மேல்பக்கம். கூரைத் தண்ணி மொத்தமும் அதுல விடலாமா?

இப்போதைக்கு விடாதீங்க. அந்த உறை சுமார் 3500 லிட்டர்தான் பிடிக்கும், மேல சொன்ன மணிக்கு 6000 கணக்குல வந்தா 35 நிமிஷத்துல நிறைஞ்சிடும். நம்ம களிமண்ணு குடிக்குறதும் மெதுவு. மிச்சத் தண்ணி சுவருக்குப் பின்னாடி மண்ணுல ஊறி சுவரைத் தள்ளும், 2009 நவம்பர்ல நீலகிரியில மண்ணு சரிஞ்சதெல்லாம் பார்த்தவங்கதானே நாம. வர்ற பைப் அளவுக்கே ஒரு வழிஞ்சோடும் பைப் வச்சு ஓடை வரைக்கும் கொண்டு போங்க, முன்னாடி ஒரு வண்டல் தொட்டியும் வேணும், இல்லேன்னா ரெண்டு சீசன்ல அடிமண்ணு சேறு பூசி மூடிக்கும்.

குன்னூர்: மேஸ்திரி கிணத்தை சுவர்லேர்ந்து 10 அடி தள்ளினா போதும்னு சொல்றாரு?

சரிவையும் சுவரோட உயரத்தையும் பாக்காம நான் 10 அடின்னோ 20 அடின்னோ சொல்ல மாட்டேன். முதல்ல தள்ளி ஒரு சின்னக் குழி வெட்டி ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலையில மறுபடி நிரப்பி ஒரு மணி நேரத்துல எவ்ளோ இறங்குதுன்னு அளந்துட்டு வாங்க. சுவர்ல தண்ணி வெளியேற விட்ட ஓட்டை எல்லாம் திறந்திருக்கான்னும் பாத்துட்டு சொல்லுங்க.